‘முடியாது’ என்று சொல்லத் தெரியாத ஊர்

*இரவு ஷிப்ட், வெளியூர் மாற்றம், அடிக்கடி பயணம். நேர்முகத் தேர்வின் கடைசி ஐந்து நிமிடங்களில் கேட்கப்படும் மூன்று கேள்விகளுக்குக் கேரள – தமிழக எல்லைக் கிராமங்களின் இளைஞர்கள் தரும் ஒரே பதில் ‘சரி சார்’. அதன் விலையைப் பிறகுதான் உணர்கிறார்கள்.*

நெய்யாற்றின்கரை பஸ் நிலையத்துக்கு எதிரே, மூடிய கடையின் படியில், நள்ளிரவு தாண்டி அந்த மனிதர் உட்கார்ந்திருக்கிறார். வயது ஐம்பதுக்கு மேல். பக்கத்தில் ஒரு பழைய ஸ்கூட்டர். கழக்கூட்டம் டெக்னோபார்க்கிலிருந்து வரும் கம்பெனி வண்டிக்காகக் காத்திருக்கிறார். அதில் அவருடைய மகள் வருவாள். வண்டியின் எல்லை நெய்யாற்றின்கரையோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து பாறசாலைக்கு அப்பால் உள்ள வீடு வரை ஸ்கூட்டர்தான். மகளை வீட்டில் சேர்த்து, கதவைச் சாத்தும்போது மணி ஒன்றைக் கடந்துவிடும். நான்கு மணிக்கு அவர் எழுந்தாக வேண்டும். அவர் பால்வெட்டுத் தொழிலாளி. விடிவதற்குள் ரப்பர் மரங்களில் கத்தி பட்டால்தான் பால் ஒழுங்காக இறங்கும்.

இது மூன்றாண்டுகளுக்கு முந்தைய காட்சி. அந்தப் பெண் இப்போது அந்த வேலையில் இல்லை. வேறு இடத்தில், குறைந்த சம்பளத்தில், ஆனால் நிலையாக இருக்கிறார். பெயர் வேண்டாம் என்ற நிபந்தனையோடு பேசினார். “என்னைக் கேட்டாங்க. கேட்காம ஏமாத்தல. ‘யு.கே. ஷிப்ட் ஓ.கே.வா’ன்னு கேட்டாங்க. நான் ‘ஓ.கே. சார்’னு சொன்னேன். யு.கே. ஷிப்ட்னா என்னன்னு நான் கேட்கல” என்கிறார்.

அவர் கேட்கத் தவறியது ஒரே ஒரு மணி நேரத்தைப் பற்றி.

ஒரு மணி நேரத்தின் கதை

பிரிட்டனில் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை அலுவலகம் என்றால், கோடையில் அது இந்திய நேரப்படி பகல் 1.30 முதல் இரவு 10.30 வரை. அக்டோபர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். அன்றிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை அதே அலுவலகம் இங்கே பகல் 2.30 முதல் இரவு 11.30 வரை நடக்கும். அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு வேலை செய்பவர்களுக்குக் கோடையில் மாலை 6.30 முதல் அதிகாலை 3.30 வரை. நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை இரவு 7.30 முதல் 4.30 வரை.

கழக்கூட்டத்தில் வாடகை அறை எடுத்துத் தங்குபவருக்கு இந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயமில்லை. பாறசாலைக்காரருக்கு அப்படியல்ல. திருவனந்தபுரம் நகரின் தெற்கே சுமார் 30 கி.மீ. தூரத்தில் பாறசாலை. நகரின் வடக்கே கழக்கூட்டம். இடையில் உள்ள தூரம் ஏறத்தாழ 45 கி.மீ. கம்பெனி வண்டி பலரை வழியில் இறக்கிக்கொண்டு வரும். 10.30க்கு வேலை முடிந்தால் நெய்யாற்றின்கரையை அடைய 11.45 ஆகும். 11.30க்கு முடிந்தால் 12.45.

அந்தப் பெண் வேலையில் சேர்ந்தது ஜூன் மாதம். மழைக்காலம். மரத்தில் மழைக்காப்பு கட்டாத தோட்டங்களில் பால்வெட்டு நின்றிருக்கும். அப்பாவுக்கு அதிகாலை வேலை இல்லை. இரவில் போய் அழைத்து வந்தார். யாருக்கும் சிரமம் தெரியவில்லை. நான்கு மாதம் எல்லாம் சரியாக நடந்தது. பிறகு இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்தன. மழை விட்டதும் ரப்பரில் பால் நன்றாகச் சுரக்கும் பருவம் தொடங்கியது. ஜனவரி வரை நீளும் அந்தப் பருவத்தில்தான் பால்வெட்டுக்காரர் வருடத்தின் நல்ல வருமானத்தைப் பார்க்கிறார். அதே சமயத்தில் லண்டன் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போனது. இரவில் மூன்று மணி நேரத் தூக்கத்தோடு நாளுக்கு 300 மரம் வெட்ட முடியவில்லை. டிசம்பரில் இரண்டு தடவை அவர் வேலைக்குப் போகாமல் விட்டார். மூன்றாவது தடவை முதலாளி வேறு ஆளைத் தேடத் தொடங்கினார்.

“நீ வேலையை விடுன்னு அப்பா ஒரு நாளும் சொல்லல. ‘போட்டும் மக்களே, பார்க்கலாம்’னுதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கல” என்கிறார் மகள். ஜனவரியில் ராஜினாமா கடிதம் கொடுத்தார். அறிவிப்புக் காலம் முழுவதும் இருக்க முடியாததால் அதற்குரிய சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஏழரை மாத அனுபவம், அடுத்த நேர்முகத் தேர்வில் ‘ஏன் இவ்வளவு சீக்கிரம் விட்டீர்கள்’ என்ற கேள்வியாக மாறியது.

‘பார்க்கலாம்’ என்ற சொல்

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போயின. பக்கத்திலிருந்த நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் தங்கிவிட்டது. களியக்காவிளையில் சாலையின் குறுக்கே எல்லை விழுந்தது. இந்தப் பகுதியில் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுக்குள் புழங்குகின்றன. இரண்டு மொழியிலும் ‘முடியாது’ என்பதற்குச் சொல் இருக்கிறது. ஆனால் பெரியவர்கள் முன்னால் அதைச் சொல்வது மரியாதைக் குறைவு. எனவே தமிழில் ‘பார்க்கலாம்’ என்பார்கள், மலையாளத்தில் ‘நோக்காம்’ என்பார்கள். ஊருக்குள் அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலும் அது ‘இல்லை’தான்.

நேர்முகத் தேர்வு நடத்துபவருக்கு அது தெரியாது. அவர் ஆங்கிலத்தில் கேட்கிறார். ‘பார்க்கலாம்’ என்பதன் ஆங்கில வடிவம் அவர் காதில் ஒன்று சம்மதமாக விழுகிறது, அல்லது நழுவலாக விழுகிறது. இரண்டுமே விண்ணப்பதாரருக்கு நல்லதல்ல. மொழிபெயர்ப்பில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு ‘வில்லிங்’ என்ற ஆங்கிலச் சொல்லும் சங்கடம் தருகிறது. அது ‘மனம் இருக்கிறதா’ என்றுதான் கேட்கிறது. ‘முடியுமா’ என்று கேட்கவில்லை. மனம் இருக்கிறது என்று நம் பிள்ளைகள் உண்மையாகவே சொல்கிறார்கள். முடியுமா என்ற கணக்கை அப்போது யாரும் போடுவதில்லை.

திருவனந்தபுரத்தில் பல ஆண்டுகள் ஆள் தேர்வுப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் மேஜையின் மறுபக்கத்திலிருந்து இதை விளக்குகிறார். “எல்லோரிடமும் இந்த மூன்று கேள்வியையும் கேட்போம். படிவத்திலேயே இருக்கும். ஆனால் எல்லா வேலைக்கும் மூன்றும் தேவையில்லை. ஒன்றுதான் உண்மையான கேள்வி. மற்ற இரண்டும் சம்பிரதாயம்.” எது உண்மையான கேள்வி என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? “தொடர்ந்து இன்னொரு கேள்வி கேட்டால் அதுதான். ‘ஊர் மாறத் தயாரா?’ என்று கேட்டு டிக் அடித்துவிட்டுப் போனால் சம்பிரதாயம். ‘ஹைதராபாத் என்றால்? எத்தனை நாளில் போவீர்கள்?’ என்று கேட்டால் அங்கே காலியிடம் இருக்கிறது என்று அர்த்தம்.”

ஆறு மாதத்தில் ஒருவர் போய்விட்டால் நிறுவனத்துக்கு நஷ்டம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. பயிற்சிக் காலம் வீணாகிறது. அந்த இடத்துக்கு மறுபடியும் தேர்வு நடத்த வேண்டும். “முடியாது என்று தெளிவாகச் சொன்னவரை வேறு ஷிப்டுக்கு நினைவில் வைத்திருப்போம். எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிட்டுப் போனவரை மறுபடி கூப்பிட மாட்டோம்” என்கிறார். கூடவே ஓர் எச்சரிக்கையும் தருகிறார்: “அதற்காக ஐந்து நிபந்தனைகளோடு வராதீர்கள். ஒரு எல்லை சொன்னால் அது எல்லை. மூன்று சொன்னால் வேலை வேண்டாம் என்று அர்த்தம்.”

இரண்டாவது தடவை

அந்தப் பெண் அடுத்த நேர்முகத் தேர்வுக்குப் போகும் முன், ஒரு நோட்டுத் தாளில் கணக்கைப் போட்டார். இந்தக் கட்டுரையில் யாருக்காவது பயன்படக்கூடியது ஒன்று உண்டென்றால் அந்தத் தாள்தான்.

முதலில், தன் எல்லை உண்மையில் எது என்று பார்த்தார். ‘இரவு வேலை ஆகாது’ என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் இரவு வேலையால் அவருக்குத் தொந்தரவு இல்லை. அந்த நேரத்தில் அவரால் விழித்திருக்க முடிந்தது, வேலையும் பிடித்திருந்தது. பிரச்சினை நெய்யாற்றின்கரைக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட சுமார் பத்துக் கிலோமீட்டர். அதிலும் மழை விட்ட பிறகான மாதங்களில் மட்டும். ஆக, எல்லை ‘இரவு’ அல்ல. ‘வீட்டு வாசல் வரை வாகனம் இல்லாத இரவு’. இந்த வேறுபாடு தெரிந்ததும் அவரால் ஒப்புக்கொள்ளக்கூடிய வேலைகளின் எண்ணிக்கை கூடியது.

இரண்டாவதாக, கேட்க வேண்டியவற்றை எழுதினார். ஷிப்ட் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் இந்திய நேரத்தில் என்ன, குளிர்காலத்தில் மாறுமா, ஷிப்ட் எத்தனை வாரத்துக்கு ஒரு முறை சுழலும், அட்டவணை எத்தனை நாள் முன்னதாகக் கிடைக்கும், கம்பெனி வண்டி எதுவரை வரும், அந்த எல்லைக்கு வெளியே வீடு இருந்தால் என்ன ஏற்பாடு. கடைசிக் கேள்வி முக்கியமானது. பல நிறுவனங்கள் வண்டிக்கு ஒரு தூர வரம்பு வைத்திருக்கின்றன. விளம்பரத்தில் ‘இலவச வாகன வசதி’ என்று மட்டும் இருக்கும். வரம்பு சேர்ந்த பிறகுதான் தெரியும்.

மூன்றாவதாக, பதிலை எழுதிப் பார்த்து, அதை ஒரு நிமிடத்துக்குள் சொல்லும்படி குறைத்தார். அவர் சொன்னதன் சாரம் இது: இரவு 10.30க்கு முடியும் வேலை வருடம் முழுவதும் முடியும். 11.30 என்றால் வண்டி வீடு வரை வந்தால் முடியும், வராவிட்டால் அக்டோபர் முதல் ஜனவரி வரை முடியாது. அமெரிக்க நேர வேலை நிரந்தரமாக முடியாது. ஆனால் மாதத்தில் ஒரு வாரம் என்றால் செய்வேன், அந்த வாரம் கழக்கூட்டத்தில் தோழியின் அறையில் தங்குவேன்.

இந்தப் பதிலில் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லையைச் சொல்ல வேண்டியது கடமை. காரணத்தைச் சொல்ல வேண்டியது கடமையல்ல. காரணம் சொல்லத் தொடங்கினால் பேச்சு அங்கே போய்விடும். ‘தம்பி இல்லையா, அவன் வந்து அழைத்துப் போகக் கூடாதா’ என்று மேஜையின் மறுபக்கம் குடும்பத்துக்கு யோசனை சொல்லத் தொடங்கும். பெண்களிடம் கல்யாணம் எப்போது என்பது வரை போகும்.

முதல் நிறுவனம் அவரை எடுக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது முழு அமெரிக்க ஷிப்ட். “அழுகை வந்தது. உண்மை சொன்னதுக்கு இதுதானான்னு நினைச்சேன்” என்கிறார். ஆனால் அந்த வேலை கிடைத்திருந்தால் மறுபடியும் ஆறு மாதத்தில் விட்டிருப்பார் என்பது அவருக்கே தெரியும். இரண்டாவது நிறுவனம், 10.30 வரை ஓடும் பிரிவில் எடுத்துக்கொண்டது. குளிர்காலத்தில் அதன் வண்டி அமரவிளை வரை வருகிறது. மிச்ச தூரத்துக்கு மூன்று பெண்கள் சேர்ந்து தெரிந்த ஆட்டோக்காரரை மாத வாடகைக்குப் பேசி வைத்திருக்கிறார்கள். சம்பளம் பழையதைவிடக் குறைவுதான். அப்பா மரம் வெட்டப் போகிறார்.

வாய்ச்சொல்லும் எழுத்தும்

நேர்முகத் தேர்வில் சொன்னது பெரும்பாலும் அந்த அறையோடு முடிந்துவிடும். நியமனக் கடிதம் அச்சடித்த வடிவத்தில் வரும். ‘நிறுவனம் தீர்மானிக்கும் எந்த ஷிப்டிலும், இந்தியாவில் எந்த அலுவலகத்திலும் பணியாற்ற வேண்டும்’ என்ற வாசகம் அதில் இருக்கும். கையெழுத்துப் போட்டால் அதுதான் ஒப்பந்தம். ‘இன்டர்வியூவில் சொன்னேனே’ என்பது அதன் முன் நிற்காது. எட்டு மாதம் கழித்து மேலாளர் மாறியிருப்பார்.

அதனால் கடிதம் வந்ததும் கையெழுத்துக்கு முன் ஒரு மின்னஞ்சல் அனுப்புவது நல்லது. நன்றி சொல்லி, ‘நேர்முகத் தேர்வில் பேசியபடி என் ஷிப்ட் இரவு 10.30க்கு முடியும், மாற்றம் இருந்தால் முன்கூட்டிப் பேசித் தீர்மானிக்கலாம் என்று புரிந்துகொண்டிருக்கிறேன், இது சரிதானா’ என்று இரண்டு வரி. ‘சரி’ என்று பதில் வந்தால் அது ஒரு பிடிமானம். ‘கடிதத்தில் உள்ளபடிதான்’ என்று பதில் வந்தால், நேர்முகத் தேர்வில் தலையாட்டியது வெறும் தலையாட்டல் என்று அப்போதே தெரிந்துவிடும்.

வேறு ஒருவர் உங்களுக்காகச் சொல்லும் ‘முடியாது’

எல்லையைச் சொல்வதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெண்களின் எல்லையை நெடுங்காலம் சட்டமே தீர்மானித்தது. 1948ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 66வது பிரிவு, மாலை ஏழு முதல் காலை ஆறு வரை தொழிற்சாலையில் பெண்களை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. அந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000ம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தது.

கேரளத்தில் இந்தக் கேள்வி வேறு வடிவத்தில் வந்தது. கொல்லம் மாவட்டம் சவறையில் உள்ள அரசு நிறுவனமான கேரள மினரல்ஸ் அண்ட் மெட்டல்ஸ், பாதுகாப்பு அதிகாரி பதவிக்கு ஆண்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தது. அங்கேயே பயிற்சிப் பொறியாளராக இருந்த பெண் ஒருவர் உயர் நீதிமன்றம் போனார். பாதுகாப்பு அதிகாரி இரவு பகல் பாராமல் வேலை பார்க்க வேண்டும், பெண்களை இரவில் வைக்கச் சட்டம் தடுக்கிறது என்பது எதிர்வாதம். 2021 ஏப்ரலில் நீதிபதி அனு சிவராமன் அந்த அறிவிப்பின் நிபந்தனையை ரத்து செய்தார். பெண்ணைக் காப்பதற்காக இருக்கும் விதியை, தகுதியுள்ள பெண்ணுக்கு வேலையை மறுப்பதற்குக் காரணமாக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம்.

கடைகள், வணிக நிறுவனங்களுக்கான கேரளச் சட்டம் 2018ல் திருத்தப்பட்டது. இரவு ஒன்பதுக்கு மேல் பெண்ணை வேலைக்கு வைக்க அவருடைய சம்மதம் வேண்டும், குறைந்தது ஐந்து பேர் கொண்ட குழுவில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும், வாகன வசதி வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இரவு வேலைக்குப் பெண்ணின் சம்மதம் என்ற சொல்லையே பயன்படுத்துகிறது.

தடை போய்ச் சம்மதம் வந்திருக்கிறது. இது முன்னேற்றம்தான். ஆனால் சம்மதம் கேட்கப்படும் இடம் நேர்முகத் தேர்வு. அங்கே ‘சரி சார்’ என்பது பழக்கத்தில் வரும் சொல். சட்டம் கொடுத்த உரிமை அந்த ஒரு நொடியில் கரைந்துபோகிறது.

படிவமே பதில்

ஊர் மாறுவது பற்றிய கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்காத வேலைகளும் உண்டு. இந்தப் பகுதி இளைஞர்கள் அதிகம் எழுதும் வங்கித் தேர்வுகள் அந்த வகை. ஸ்டேட் வங்கியின் ஜூனியர் அசோசியேட் எனப்படும் கிளார்க் பணிக்கு நேர்முகத் தேர்வு கிடையாது. இரண்டு கட்டத் தேர்வு, பிறகு உள்ளூர் மொழித் தேர்வு. பத்தாவது அல்லது பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியலில் அந்த மொழி இருந்தால் மொழித் தேர்வும் தேவையில்லை. அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளின்படி ஒருவர் ஒரே ஒரு மாநிலத்துக்குத்தான் விண்ணப்பிக்கலாம். சேர்ந்த பின் வேறு மாநிலத்துக்கு மாற்றல் கிடையாது.

எல்லையில் வாழ்பவருக்கு இதன் பொருள் கடுமையானது. பாறசாலை வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் மார்த்தாண்டம். தமிழ் படித்த பையன் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்தால் மார்த்தாண்டத்தில் கிளை கிடைக்கும் என்று வீட்டில் கனவு காண்கிறார்கள். கிடைக்கலாம். ஆனால் அவன் எழுதிக் கொடுத்திருப்பது மார்த்தாண்டம் அல்ல, தமிழ்நாடு. கிருஷ்ணகிரியிலோ திருவள்ளூரிலோ போடலாம். கேரளத்தைத் தேர்ந்தெடுத்தால் மலையாளம் நன்றாக எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். அப்போதும் நெய்யாற்றின்கரை நிச்சயமில்லை. மாநிலத்தின் மறுகோடியில் காசர்கோடு இருக்கிறது. வயதான பெற்றோரை விட்டு இத்தனை தூரம் போக முடியுமா என்ற கேள்வியை யாரும் கேட்க மாட்டார்கள். விண்ணப்பத்தில் மாநிலத்தைக் குறிக்கும் அந்தக் கட்டமே கேள்வியும் பதிலும்.

ப்ரொபேஷனரி ஆபீசர் பணி இதற்கு நேர்மாறு. சம்பளமும் பதவி உயர்வும் கூடுதல். ஆனால் இந்தியாவில் எங்கே போட்டாலும் போக வேண்டும். அங்கே நேர்முகத் தேர்வு உண்டு. எங்கே போட்டாலும் போகத் தயாரா என்ற கேள்வியும் அங்கே எதிர்பார்க்க வேண்டியதே. அந்த மேஜையில் உட்கார்ந்து ‘கேரளத்துக்குள் மட்டும்’ என்று சொல்வது நேர்மையான எல்லை அல்ல. தவறான வரிசையில் நின்றுவிட்ட எல்லை. எல்லை இருப்பவர் விண்ணப்பிக்கும்போதே கிளார்க் வரிசையில் நின்றிருக்க வேண்டும்.

சேர்ந்த பிறகு மறுப்பது இன்னும் கடினம். இட மாற்றம் பணியின் ஓர் அம்சம் என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. குஜராத் மின் வாரிய வழக்கில் 1989ல் அது இன்னும் தெளிவாகச் சொன்னது: மாற்றல் உத்தரவு வந்தால் கஷ்டத்தை எழுதி மனுக் கொடுக்கலாம். அது ஏற்கப்படாவிட்டால், உத்தரவுக்குத் தடையும் இல்லாவிட்டால், போய்ச் சேர வேண்டும். போகாமல் இருந்தால் ஒழுங்கு நடவடிக்கை. ‘முடியாது’ என்று சுதந்திரமாகச் சொல்லக்கூடிய காலம் கையெழுத்துக்கு முன்னால் மட்டுமே இருக்கிறது.

எத்தனை இரவுகள்?

மூன்றாவது கேள்வி பயணம். மருந்து கம்பெனிப் பிரதிநிதிகளுக்கு இதில் தெளிவான கணக்கு உண்டு. தலைமையிடம், காலையில் போய் இரவில் திரும்பும் எக்ஸ் ஸ்டேஷன், தங்க வேண்டிய அவுட் ஸ்டேஷன் என்று ஊர்களை மூன்றாகப் பிரிக்கிறார்கள். படியும் அதற்கேற்ப மாறும். ‘மாதத்தில் பாதி நாள் பயணம்’ என்று ஒருவர் சொன்னால் அதில் ஒன்றும் தெரியாது. பதினைந்து நாளும் எக்ஸ் ஸ்டேஷன் என்றால் தினமும் வீட்டில் சாப்பிடலாம். எட்டு நாள் அவுட் ஸ்டேஷன் என்றால் மாதம் எட்டு இரவு லாட்ஜ்.

எனவே கேட்க வேண்டியது நாட்களை அல்ல, இரவுகளை. நெய்யாற்றின்கரை பக்கம் உள்ள அனுபவமுள்ள பிரதிநிதி ஒருவர் புதியவர்களுக்குச் சொல்லும் யோசனை இது: “போன மாதத்து டூர் ப்ரோகிராமைக் காட்டச் சொல்லுங்க. காட்டினா அதுல எல்லாம் இருக்கும். காட்டத் தயங்கினா, அதுலயும் எல்லாம் இருக்கும்.”

பாறசாலை ரயில் நிலையத்தில் அதிகாலை வண்டிக்கு நிற்கும் கூட்டத்தில் புதுச் சட்டையும் கையில் கோப்புமாக நிற்பவர்களைச் சுலபமாக அடையாளம் காணலாம். கோப்பில் சான்றிதழ்கள் வரிசையாக இருக்கும். அந்தப் பெண் இப்போது தன் ஊரில் யார் இன்டர்வியூவுக்குப் போனாலும் ஒரு கேள்வி கேட்கிறார்: “கடைசி வண்டி எத்தனை மணிக்குன்னு தெரியுமா?” பலருக்குத் தெரிவதில்லை. “அப்ப அவங்க கேக்கும்போது என்ன சொல்லுவே?” என்கிறார்.

ஸ்கூட்டர்காரர் இப்போது இரவு ஒன்பதரைக்குத் தூங்கப் போகிறார்.